ப்ராப்ளம் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி: ஜூனியருக்கு ஒரு சீனியரின் கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய இன்டர்னல் விடைத்தாளைப் படித்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முன்மொழிவு என்றால் என்ன, ஏற்பு என்றால் என்ன, கார்லில் வழக்கில் புகை உருண்டை விற்ற கம்பெனி கொடுத்த விளம்பரம், எல்லாம் இருக்கிறது. கடைசி வரியில் "ஆகவே செல்விக்கு நிவாரணம் உண்டு" என்று முடித்திருக்கிறாய். நீ எழுதிய சட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வித்தாளில் வரிசையாகத் தேதிகள் இருந்தனவே, அவற்றில் ஒன்றுகூட உன் விடைக்குள் வரவில்லை. அந்தத் தேதிகளை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

எழுவினா, விதி, பொருத்துதல், முடிவு என்ற வரிசையை ஐராக் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நாலு தலைப்பு போட்டு நிரப்புவதுதான் ஐராக் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தலைப்பு போடாமலே அதை எழுதலாம், தலைப்பு போட்டும் தவறவிடலாம். உன் கேள்வியையே எடுத்து முழுசாக எழுதிக் காட்டுகிறேன். பேர் ஆக்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. நமக்கு வேண்டியது 3 முதல் 7 வரையுள்ள பிரிவுகளும், 25ஆவது பிரிவும்தான்.

கேள்வி

மதுரையில் இருக்கும் குமரன், தன் பழைய சரக்கு வேனை 3 லட்சம் ரூபாய்க்கு விற்கத் தயார் என்று திருநெல்வேலியில் இருக்கும் செல்விக்கு மார்ச் 1ஆம் தேதி கடிதம் போடுகிறார். "15ஆம் தேதி வரை உங்களுக்காக வைத்திருப்பேன்" என்றும் அதில் எழுதுகிறார். கடிதம் 3ஆம் தேதி செல்விக்குக் கிடைக்கிறது. 5ஆம் தேதி காலை குமரன் மனம் மாறி, விற்கும் யோசனையைக் கைவிட்டதாக எழுதித் தபாலில் சேர்க்கிறார். 6ஆம் தேதி காலை, மதுரைக்குப் போய்வந்த செல்வியின் மைத்துனர், "குமரன் வேனை வேற யாருக்கோ கொடுக்கப் போறாராம், டீக்கடையில பேசிக்கிட்டாங்க" என்கிறார். அன்று 11 மணிக்குச் செல்வி, வேனை வாங்கச் சம்மதம் என்று கடிதம் எழுதிச் சரியான முகவரியிட்டுத் தபாலில் சேர்க்கிறார். குமரனின் இரண்டாவது கடிதம் செல்விக்கு 7ஆம் தேதி கிடைக்கிறது. செல்வியின் கடிதம் குமரனுக்கு 8ஆம் தேதி கிடைக்கிறது. வேனைத் தர முடியாது என்கிறார் குமரன். இருவருக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டதா?

எழுதத் தொடங்கும் முன்

முதலில் கடைசி வரியைப் படி. "ஒப்பந்தம் ஏற்பட்டதா" என்றுதான் கேட்கிறார்கள். இழப்பீடு எவ்வளவு என்று கேட்கவில்லை. 73ஆவது பிரிவை நீ அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய். அது கேட்காத கேள்விக்கான பதில், அதற்கு மார்க் கிடையாது. அந்த நேரமும் போச்சு.

அடுத்து, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை மேலிருந்து கீழாக எழுது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று யார் என்ன செய்தார், யாருக்கு என்ன தெரியவந்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் குறி. 5ஆம் தேதி குமரன் கடிதம் போட்டார், செல்விக்கு ஒன்றும் தெரியாது. 6ஆம் தேதி செல்வி கடிதம் போட்டார், குமரனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வித்தியாசத்தின் மேல்தான் 4ஆவது பிரிவே நிற்கிறது. எழுதி முடித்ததும் ஒரு கோடு போட்டு அடித்துவிடு.

எழுவினாவைக் கண்டுபிடிப்பது

"குமரனுக்கும் செல்விக்கும் இடையே செல்லத்தக்க ஒப்பந்தம் உள்ளதா?" என்று நீ எழுதியது எழுவினா இல்லை. அது கேள்வியையே திருப்பி எழுதியது. எழுவினா என்பது இரண்டு தரப்பும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்களோ அந்த இடம்.

அதைப் பிடிக்க நான் செய்வது இதுதான். ஒவ்வொரு சங்கதியையும் எடுத்து, "இது இல்லாமல் போனால் விடை மாறுமா? இதை வைத்து எந்தத் தரப்பாவது வாதம் பண்ண முடியுமா?" என்று கேட்பேன். வேன் பழசு என்பதை எடுத்துவிட்டால் ஒன்றும் மாறாது. 3 லட்சத்தை 4 லட்சம் ஆக்கினாலும் மாறாது. "15ஆம் தேதி வரை" என்பதை எடுத்தால் செல்விக்கு ஒரு வாதம் போய்விடும். 5ஆம் தேதிக் கடிதத்தை எடுத்தால் குமரனுக்கு வழக்கே இல்லை. மைத்துனரை எடுத்தால் குமரனின் இன்னொரு வாதம் போகும். ஆக எழுவினாக்கள் மூன்று.

ஒன்று, 15ஆம் தேதி வரை வைத்திருப்பதாகச் சொன்ன குமரன் அதற்கு முன்பே பின்வாங்கலாமா? இரண்டு, 5ஆம் தேதி தபாலில் சேர்த்து 7ஆம் தேதி கிடைத்த கடிதம், 6ஆம் தேதி தபாலில் சேர்ந்த ஏற்பைத் தடுக்குமா? மூன்று, மைத்துனர் சொன்ன செய்தியே முன்மொழிவைத் திரும்பப் பெற்றதாக ஆகுமா?

பார், ஒவ்வொரு எழுவினாவுக்குள்ளும் கேள்வியின் சங்கதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேறு எந்தக் கேள்விக்கும் இந்த வாக்கியங்களைத் தூக்கி வைக்க முடியாது. உன் எழுவினா அப்படி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று. மூன்று எழுவினாவையும் முதலில் எழுதி, பிறகு எல்லாச் சட்டத்தையும் எழுதி, பிறகு பொருத்தப் போகாதே. திருத்துபவர் முன்னும் பின்னும் புரட்ட மாட்டார். ஒரு எழுவினாவை எடுத்து அதன் விதி, பொருத்துதல், முடிவு வரைக்கும் கொண்டுபோய் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ.

முதல் எழுவினா: சீக்கிரம் முடிக்க வேண்டியது

இது சின்னது, நாலைந்து வரி போதும்:

"முன்மொழிவை, அதன் ஏற்பு முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை நிறைவடைவதற்கு முன் எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம் என்கிறது 5ஆவது பிரிவு. மறுபயன் இல்லாத உடன்பாடு, விதிவிலக்குகளில் வந்தாலன்றி, செல்லாது என்கிறது 25ஆவது பிரிவு. 15ஆம் தேதி வரை வைத்திருப்பதற்காகச் செல்வி தனியாக எதுவும் கொடுத்ததாகச் சங்கதிகளில் இல்லை. விதிவிலக்கு எதுவும் இங்கே பொருந்தவில்லை. எனவே அந்த வாக்குறுதி குமரனைக் கட்டுப்படுத்தாது. அவர் 15ஆம் தேதிக்கு முன்பே பின்வாங்கலாம். உரிய நேரத்தில் பின்வாங்கினாரா என்பதே அடுத்த எழுவினா."

இந்த எழுவினாவில் செல்வி தோற்கிறார். நீ செல்விக்குச் சாதகமாக முடிக்கப் போகிறாய் என்பதற்காக எல்லா எழுவினாவையும் அவர் பக்கம் சாய்க்க வேண்டியதில்லை. செல்வி 500 ரூபாய் முன்பணம் கொடுத்து 15ஆம் தேதி வரை வைத்திருக்கச் சொல்லியிருந்தால் இந்த எழுவினாவே மொத்த விடையாகியிருக்கும். அப்படி எதுவும் கேள்வியில் இல்லை. இல்லாத சங்கதியை நீயாகச் சேர்க்காதே. "தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு நகர்.

இரண்டாம் எழுவினா: உடம்பு இங்கேதான்

முதலில் விதி. 4ஆவது பிரிவில் மூன்று பத்தி உண்டு. முன்மொழிவு எப்போது தெரிவிக்கப்பட்டதாகும் என்பது முதல் பத்தி. அதில் இங்கே தகராறே இல்லை, 3ஆம் தேதி கடிதம் கிடைத்ததை இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு விடு. நமக்கு வேண்டியது ஏற்பு பற்றிய பத்தியும் திரும்பப் பெறுதல் பற்றிய பத்தியும்.

ஏற்பு, முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, ஏற்பவரின் கட்டுப்பாட்டை மீறிப் போகும்படி அவருக்கு அனுப்பப்படும்போது நிறைவடைகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, அது முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போது. திரும்பப் பெறுதலுக்கும் இதே மாதிரி இரண்டு நேரம். அதைச் செய்பவரைப் பொறுத்தவரை, அது அவர் கட்டுப்பாட்டை மீறிப் போகும்படி அனுப்பப்படும்போது. யாருக்கு அனுப்பப்படுகிறதோ அவரைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவரும்போது.

தபால் கேள்விகளில் பையன்கள் விழுவது இந்த "பொறுத்தவரை"யில்தான். குமரன் 5ஆம் தேதி கடிதம் போட்டுவிட்டார், செல்வி 6ஆம் தேதிதான் போட்டார், 5 முதலில் வருகிறது, ஆகவே குமரன் ஜெயித்தார் என்று எழுதிவிடுவார்கள். 5ஆம் தேதி நிறைவடைந்தது குமரனைப் பொறுத்தவரை மட்டும்தான். இப்போது குமரன் கேட்பது என்ன? "நான் பின்வாங்கியது செல்வியைக் கட்டுப்படுத்தும்" என்கிறார். செல்வியின் மேல் அதை ஏவ வேண்டுமானால், செல்வியைப் பொறுத்தவரை அது எப்போது நிறைவடைந்தது என்றுதான் பார்க்க வேண்டும். அது 7ஆம் தேதி.

விதியை எழுதும்போது சட்டத்தின் சொற்களை அப்படியே வை. "கட்டுப்பாட்டை மீறி", "தெரியவரும்போது" என்ற சொற்களை உன் சொந்த நடைக்கு மாற்றி "ஏற்பு அனுப்பப்பட்டதும்" என்று எழுதிவிட்டால், அடுத்த பத்தியில் சங்கதியை மாட்டக் கொக்கி இருக்காது.

இனி பொருத்துதல். நீ எழுதியது: "மேற்கண்ட பிரிவுகளின்படி செல்வியின் ஏற்பு செல்லத்தக்கது." இதில் பொருத்தியது எதுவும் இல்லை. எப்படி என்று கேட்டால் பதில் இருக்காது. பொருத்துதலில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பக்கம் சட்டத்தின் சொல் இருக்க வேண்டும், இன்னொரு பக்கம் கேள்வியின் சங்கதி இருக்க வேண்டும், நடுவே ஏன் இது அதில் அடங்குகிறது என்ற காரணம். நான் எழுதினால் இப்படி:

"செல்வி தம் ஏற்புக் கடிதத்தை மார்ச் 6 அன்று 11 மணிக்குச் சரியான முகவரியிட்டுத் தபாலில் சேர்த்தார். அந்த நேரத்தில் கடிதம் அவர் கையை விட்டுத் தபால் துறையின் கைக்குப் போனது. எனவே அது ஏற்பவரின் கட்டுப்பாட்டை மீறிப் போகும்படி அனுப்பப்பட்டது என்ற நிபந்தனை நிறைவேறுகிறது. முன்மொழிவே தபாலில் வந்ததால், தபாலில் பதில் அனுப்புவது 7ஆவது பிரிவு கேட்கும் வழக்கமான, நியாயமான முறைதான். ஆகவே குமரனைப் பொறுத்தவரை ஏற்பு 6ஆம் தேதி 11 மணிக்கே நிறைவடைந்தது. அது அவர் கைக்குக் கிடைத்தது 8ஆம் தேதி என்பது அவருடைய பொறுப்பைத் தள்ளிப்போடாது. மறுபுறம், குமரன் 5ஆம் தேதி அனுப்பிய கடிதம் செல்விக்குத் தெரியவந்தது 7ஆம் தேதிதான். 5ஆவது பிரிவின்படி, ஏற்பு குமரனைப் பொறுத்தவரை நிறைவடைவதற்கு முன்பே திரும்பப் பெறுதல் நிறைவடைந்திருக்க வேண்டும். செல்வியைப் பொறுத்தவரை அது நிறைவடைந்ததோ ஒரு நாள் கழித்து. எனவே குமரனின் கடிதம் காலம் கடந்தது."

இதற்குப் பின் வழக்கு வைக்கலாம். 1880இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கு ஏறக்குறைய இதே சங்கதி. கார்டிஃபிலிருந்து அக்டோபர் 1 அன்று நியூயார்க்குக்கு முன்மொழிவு அனுப்பி, 8ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் போட்டார்கள். 11ஆம் தேதி முன்மொழிவு கிடைத்த அன்றே அங்கிருந்து தந்தியில் ஏற்பு போனது. திரும்பப் பெற்ற கடிதம் 20ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் உண்டு என்றது நீதிமன்றம். இதில் உனக்கு வேண்டியது கதை இல்லை, ஒற்றுமை. "அங்கும் திரும்பப் பெறும் கடிதம் ஏற்புக்கு முன்பே அனுப்பப்பட்டு, ஏற்புக்குப் பின்பே கிடைத்தது" என்ற ஒரு வரி போதும். ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டும் அளவில்தான். பிரிவு முதலில், வழக்கு அதற்குத் துணையாக, இந்த வரிசையை மாற்றாதே.

மூன்றாம் எழுவினா: மைத்துனர்

உன் விடையில் மைத்துனரே வரவில்லை. கேள்வி போட்டவர் சும்மா ஒரு மைத்துனரை மதுரைக்கு அனுப்பி வைக்க மாட்டார்.

இங்கே குமரனுக்குக் கொஞ்சம் வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்காமல் எழுத வேண்டும். 1876இல் வந்த டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கில், டாட்ஸ் தன் சொத்தை 12ஆம் தேதி வரை டிக்கின்சனுக்காக வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தைய நாள், டாட்ஸ் வேறொருவருக்கு விற்கப் போகிறார் என்று டிக்கின்சனுக்கு மூன்றாம் ஆள் மூலம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கொடுத்த ஏற்பு செல்லாது என்றது ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம். குமரன் இதைத்தான் பிடிப்பார். அத்தோடு நம் சட்டத்தின் 3ஆவது பிரிவையும் காட்டுவார். திரும்பப் பெறுவதைத் தெரிவிக்கும் நோக்கத்தோடு செய்த செயல் மட்டுமில்லை, தெரிவிக்கும் விளைவை உண்டாக்கும் செயலும் தெரிவித்ததாகவே கருதப்படும் என்கிறது அது.

செல்வியின் பதில் 6ஆவது பிரிவில் இருக்கிறது. முன்மொழிவு திரும்பப் பெறப்படும் வழிகளை அது வரிசையாகச் சொல்கிறது. முதல் வழி, "முன்மொழிந்தவர் மறுதரப்புக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தெரிவிப்பதால்". அறிவிப்பு முன்மொழிந்தவரிடமிருந்து வர வேண்டும் என்பது சட்டத்தின் சொல்லிலேயே இருக்கிறது. இனி பொருத்து:

"மைத்துனர் குமரனின் முகவர் அல்லர். செல்வியிடம் சொல்லும்படி குமரன் அவரை அனுப்பவுமில்லை. அவர் சொன்னது டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு, அதுவும் 'கொடுக்கப் போறாராம்' என்ற அளவில்தான். எனவே 6(1) கேட்கும் 'முன்மொழிந்தவர் தெரிவித்த அறிவிப்பு' இங்கே இல்லை. 3ஆவது பிரிவும் 'திரும்பப் பெறும் தரப்பின் செயல்' என்றே சொல்கிறது. டீக்கடைப் பேச்சைக் குமரனின் செயல் என்று காட்டச் சங்கதிகளில் எதுவும் இல்லை. டிக்கின்சன் வழக்கு 6ஆவது பிரிவைப் போன்ற சட்ட வாசகத்தின் கீழ் தீர்க்கப்பட்டதல்ல. எனவே மைத்துனரின் செய்தி முன்மொழிவைத் திரும்பப் பெற்றதாகாது."

பேச்சு "போறாராம்" என்று முடிந்ததைக்கூட விடாமல் எடுத்ததைக் கவனி. மைத்துனர் "குமரனே என்கிட்ட சொன்னார், செல்விகிட்ட சொல்லிருங்கன்னார்" என்று வந்திருந்தால், குமரன் மைத்துனர் வழியாகத் தெரிவித்ததாக ஆகும். 6ஆம் தேதி காலையிலேயே திரும்பப் பெறுதல் செல்விக்குத் தெரியவந்துவிடும், 11 மணிக்குப் போட்ட கடிதத்துக்கு உயிர் இருக்காது. இப்படி ஒரு சங்கதியில் விடை புரளும் இடம் இருந்தால், "மாறாக இப்படி இருந்திருப்பின்" என்று ஒரு வரி எழுதலாம். ஒரு வரிதான், அதற்கு மேல் வேண்டாம்.

தோற்கப் போகும் வாதத்தை எழுதுவதால் உன் விடை பலவீனமாகாது. நீ எழுதாமல் விட்டால், அதைத் திருத்துபவர் தன் மனசுக்குள் எழுதிக்கொள்வார்.

முடிவு

முடிவு இரண்டு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. "ஆகவே மார்ச் 6 அன்று 11 மணிக்குச் செல்வி ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தபோது ஒப்பந்தம் ஏற்பட்டது. 7ஆம் தேதி கிடைத்த கடிதமும் மைத்துனர் சொன்ன செய்தியும் அதைப் பாதிக்கா. குமரன் அதற்குக் கட்டுப்பட்டவர்." கேட்ட கேள்விக்கு நேர் பதில், நேரத்தோடு. இதில் புதிதாக ஒரு பிரிவோ வழக்கோ எட்டிப் பார்த்தால், அது மேலே எங்கோ விடுபட்டது என்று அர்த்தம். மேலே போய்ச் சேர்.

"நீதிமன்றம் தக்க முடிவெடுக்கும்" என்று எழுதியிருந்தாய். உன்னைத்தான் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாத எழுவினாவில்கூட "பெரும்பாலும் செல்வியின் பக்கமே நிற்கும், ஏனென்றால்" என்று ஒரு பக்கம் நில்.

நேரம் எவ்வளவு

அரை மணி நேரக் கேள்வி என்றால், படிக்கவும் தேதி எழுதவும் ஆறேழு நிமிஷம் எடுத்துக்கொள். அது வீணாகப் போகிறதோ என்று பக்கத்து பெஞ்சைப் பார்க்காதே. எழுதும் நேரத்தில் பாதிக்கு மேல் பொருத்துதலுக்குப் போக வேண்டும். வீட்டில் பழகும்போது, விடையில் கேள்வியின் சங்கதி வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிடு. ஒரு பத்தியில் கோடே விழவில்லை என்றால் அது விதியாக இருக்க வேண்டும். பொருத்துதல் என்று நினைத்து எழுதிய பத்தியில் கோடு விழவில்லை என்றால், அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுது.

பழகுவதற்குப் புதுக் கேள்வி தேட வேண்டாம். இதே கேள்வியில் ஒவ்வொரு சங்கதியாக மாற்றி எழுதிப் பார். 11 மணிக்குச் செல்வி கடிதத்தைத் தபாலில் போடாமல் தன் மகனிடம் கொடுத்து, அவன் மறந்து பையில் வைத்திருந்து 7ஆம் தேதி மாலைதான் போட்டான் என்று வை. மகன் கையில் இருக்கும்வரை கடிதம் செல்வியின் கட்டுப்பாட்டை மீறவில்லை, கூப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் குமரனின் கடிதம் வந்துவிட்டதால் விடை தலைகீழாகும். அடுத்து, செல்வி கடிதம் போடாமல் 6ஆம் தேதி போனில் சம்மதம் சொன்னார் என்று வை. போனுக்குத் தபால் விதி பொருந்தாது. 1965இல் பகவன்தாஸ் கேடியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, ஏற்பு முன்மொழிந்தவரின் காதில் விழும் இடத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது என்றது. நீதிபதி ஹிதயதுல்லா அதிலிருந்து மாறுபட்டு எழுதினார். அந்த மாற்றத்தில் ஒப்பந்தம் மதுரையிலா திருநெல்வேலியிலா என்ற எழுவினா புதிதாக முளைக்கும். வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் போடலாம் என்பது அதைப் பொறுத்தது.

இந்த இரண்டையும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. போன் கேள்வியில் ஹிதயதுல்லா சொன்ன காரணத்தையும் படித்துவிட்டு எழுது. எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குச் சரி.

அன்புடன்,
அக்கா